இரண்டு நண்பர்கள், ஒரு முந்திரிக் கொட்டகை: தொழிலை யார் பெயரில் தொடங்குவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. தொழில் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிற நண்பர்கள் இயந்திரம், சந்தை, லாபம் என்று இருபது பக்கம் எழுதியிருப்பார்கள். ‘நிறுவனத்தின் சட்ட வடிவம்’ என்ற தலைப்புக்குக் கீழே மட்டும் ஒரே வரி இருக்கும்: “முதலில் ஒருவர் பெயரில் தொடங்கி, பிறகு மாற்றிக்கொள்வோம்.” வங்கி மேலாளர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். நீங்கள் தாண்டக் கூடாது.

போன வருடம் வந்த இருவரின் கதையை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஒருவர் பண்ருட்டிப் பக்கம். அப்பா காலத்துக் கொட்டகை, முந்திரிக்கொட்டையைப் பார்த்ததும் தரம் சொல்லும் கண், கையில் 6 லட்சம் ரூபாய். இன்னொருவர் புதுச்சேரி, பேக்கரி, இனிப்புக் கடை, விடுதி என்று அலைந்து பழகியவர், 2 லட்சம் போடுகிறார். முதலாமவர் கொட்டையை வாங்கி உடைத்துப் பருப்பாக்குவார், இரண்டாமவர் விற்பார். பள்ளியில் ஒரே பெஞ்சு. இவர்களைப் பண்ருட்டிக்காரர், புதுச்சேரிக்காரர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதல் வேலை: பணம் யாருடையது, கடன் யாருடையது

எந்த வடிவம் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று விஷயங்களை எழுதச் சொன்னேன். யார் எவ்வளவு பணம் போடுகிறார், யார் எவ்வளவு நேரம் உழைக்கிறார், தொழில் படுத்துவிட்டால் யாருக்கு எவ்வளவு பாக்கி நிற்கும். மூன்றாவதை யாருமே எழுதி வருவதில்லை. இவர்கள் கணக்குப்படி, சீசனில் கொட்டையைக் கடனுக்கு எடுத்தால் ஒரு நேரத்தில் 10 லட்சம் வரை வியாபாரிக்குப் பாக்கி நிற்கும். போட்ட முதலோ 8 லட்சம்தான்.

இப்போது இந்த 10 லட்சத்தை மூன்று வடிவத்திலும் வைத்துப் பாருங்கள்.

பண்ருட்டிக்காரர் பெயரில் தனி உரிமையாளராக, அதாவது புரொப்ரைட்டராகத் தொடங்கினால், சட்டத்தின் கண்ணில் தொழிலும் அவரும் ஒன்றுதான். பாக்கி முழுவதும் அவர் தலையில். கொட்டகையும் வீடும் கூட அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். புதுச்சேரிக்காரருக்குப் பாக்கியில் பங்கில்லை. ஆனால் அவர் போட்ட 2 லட்சத்துக்கும் ஒரு பெயர் இல்லை. அது கடனா, பங்கா, கைமாற்றா என்று காகிதத்தில் எதுவும் இருக்காது.

கூட்டு நிறுவனமாக, பார்ட்னர்ஷிப்பாகத் தொடங்கினால் பாக்கி இருவருடையது. இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆளுக்கு 5 லட்சம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு பார்ட்னரும் முழு 10 லட்சத்துக்கும் பொறுப்பு. வியாபாரி யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரிடம் வருவார். பண்ருட்டிக்காரரிடம் நிலம் இருக்கிறது, புதுச்சேரிக்காரர் வாடகை வீட்டில் இருக்கிறார். ஆக நடைமுறையில் முழுக் கடனும் நிலத்துக்காரர் மேல் விழும். அதைக் கட்டிவிட்டு மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்கலாம், அவ்வளவுதான். புதுச்சேரியில் நண்பர் தன்னிஷ்டத்துக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிய சரக்கும், தொழிலுக்காக வாங்கியதென்றால், பண்ருட்டி நிலம் வரைக்கும் வந்து நிற்கும்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் கம்பெனியே ஒரு தனி ஆள். கொட்டை வியாபாரி கம்பெனியிடம்தான் கேட்க முடியும். பங்குதாரர்கள் போட்ட 8 லட்சம் போகலாம். நேர்மையாக நடந்திருந்தால் வீட்டு வாசலுக்கு யாரும் வர முடியாது. ஆனால் வங்கிக் கடன் வாங்கப் போனால் மேலாளர் முதலில் கேட்பது இயக்குநர்களின் சொந்தப் பொறுப்பு உறுதியைத்தான், அதாவது பெர்சனல் கேரண்டியை. அதில் கையெழுத்துப் போட்டதும் அந்தக் கடன் அளவுக்குக் கம்பெனி என்ற சுவர் கிடையாது. அதனால் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: நம் பெரிய பாக்கி வங்கிக்கா, வியாபாரிகளுக்கா? வங்கிக்கு என்றால் கம்பெனி தரும் காப்பு பாதிகூட மிஞ்சாது. வியாபாரிகளுக்கு என்றால் அது உண்மையான காப்பு.

ஒருவர் பெயரில் தொடங்கலாமா?

நான் இருபத்தைந்து வயதில் ஒரு நண்பனோடு பிளெக்ஸ் அச்சுக் கடை வைத்தேன். அவன் பெயரில் கடை, அவன் பெயரில் வங்கிக் கணக்கு. என் பணம் ஒன்றரை லட்சம். ஆதாரம் என்று இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் என் கையெழுத்திலேயே ‘மெஷினுக்கு 80,000 கொடுத்தது’, ‘அட்வான்ஸ் 40,000’, ‘வயரிங் 30,000’ என்று இருந்தது. இரண்டு வருடம் கழித்துப் பிரிந்தபோது அவன் கெட்டவனாக ஒன்றும் நடந்துகொள்ளவில்லை. “நீ கொடுத்தது கடன்னு நினைச்சேன், இந்தா” என்று ஒன்றரை லட்சத்தைத் தவணையில் கொடுத்தான். கடையின் வாடிக்கை, இயந்திரம், பெயர் எல்லாம் அவனோடு போயிற்று. நோட்டை வைத்து நான் எதையும் நிரூபித்திருக்க முடியாது.

வாய்மொழியாகவும் கூட்டு உண்டாகலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் வேலை. உரிமம், ஜி.எஸ்.டி, கணக்கு எல்லாம் ஒருவர் பெயரில் இருக்கும்போது அது லேசில் நடக்காது.

ஆனாலும் தனி உரிமையாளர் வடிவத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒருவர் பணமும் இழப்பும் முழுவதையும் ஏற்று, மற்றவர் சம்பளத்துக்கோ கமிஷனுக்கோ வேலை செய்வதாக இருந்தால் அதுதான் சரியான வடிவம். தனியாகப் பதிவே வேண்டாம். சொந்த பான் எண்ணே தொழிலின் பான் எண். மானியக் கடன் ஒரு காரணமாகவும் வரும். PMEGP திட்டத்தில் தனிநபர் விண்ணப்பிக்கலாம்; கூட்டு நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் அதில் இடமில்லை. அந்த மானியத்துக்காகவே ஒருவர் பெயரில் போட்டுவிட்டு, உள்ளுக்குள் இருவரும் பங்காளி என்று வைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மானியம் வரும், சண்டையும் கூடவே வரும். அப்படிச் செய்வதானால் இரண்டாமவரின் பணத்தைக் கடனாகவே எழுதி, வட்டியையும் திருப்பித் தரும் தேதியையும் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பங்காளி ஆசையை அப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

முள்ளோடையைத் தாண்டினால் வேறு கணக்கு

இது வடிவத்தைப் பற்றியது இல்லை என்று தோன்றும். ஆனால் எங்கள் பகுதியில் இதைப் பார்க்காமல் வடிவத்தை முடிவு செய்ய முடியாது.

தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம். புதுச்சேரியில் அதே வரம்பு 20 லட்சம். இதைக் கேட்டதும் நம் இருவரும், “அப்போ தொழிலைப் பண்ருட்டியிலேயே காட்டிட்டு, 40 லட்சம் வரைக்கும் பதிவில்லாம இருக்கலாமே” என்றார்கள். முடியாது. பண்ருட்டியில் உடைத்த பருப்பைப் புதுச்சேரிக் கடைக்கு விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. வரி உள்ள சரக்கை அப்படி விற்பவருக்கு வரம்பே கிடையாது. முதல் மூட்டையிலிருந்தே பதிவு வேண்டும். கடலூர் ஆல்பேட்டையிலிருந்து புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைக்கு ஆட்டோவில் போகிற தூரம்தான். சட்டத்துக்கு அது இன்னொரு மாநிலம். விற்பனையில் ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று சொல்லும் காம்போசிஷன் திட்டமும் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்பவருக்கு இல்லை. 50,000 ரூபாய்க்கு மேலான சரக்குக்கு இ-வே பில்லும் வேண்டும்.

பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. நண்பர் புதுச்சேரியில் ஒரு சின்னக் கிடங்கு எடுத்து அங்கிருந்து விற்றால், அங்கே தனியாக 34 எண் எடுக்க வேண்டும். ஒரே நிறுவனம், இரண்டு எண், இரண்டு ரிட்டர்ன். ஆரம்பத்தில் கிடங்கு வேண்டாம், ஆர்டரைப் பிடித்து பண்ருட்டியிலிருந்தே அனுப்புங்கள் என்றுதான் சொன்னேன்.

இதில் வடிவம் எங்கே வருகிறது? ஜி.எஸ்.டி விற்பனையைக் கூட்டுவது பான் எண்ணை வைத்து. பண்ருட்டிக்காரருக்கு ஏற்கெனவே அவர் பெயரில் ஒரு உரக்கடை இருந்தது. முந்திரியையும் தன் பெயரில் தொடங்கினால் இரண்டு விற்பனையும் ஒரே கணக்கில் சேரும். அதுமட்டும் இல்லை: முந்திரித் தொழிலில் வந்த கடனுக்கு உரக்கடையும் பதில் சொல்லும். கூட்டு நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் தனி பான் எண் என்பதால் விற்பனைக் கணக்கு கலக்காது. இந்த ஒரு விஷயமே இவர்களுக்குத் தனி உரிமையாளர் வடிவத்தை ஏறக்குறைய அடித்துவிட்டது.

வரி: மூன்றையும் ஒரே லாபத்தில் வைத்துப் பார்ப்பது

இவர்கள் திட்டத்தில் முதல் வருடம் 75 லட்சம் விற்பனை, இருவரின் சம்பளத்தையும் முதலுக்கான வட்டியையும் கழிக்கும் முன் 9,96,000 ரூபாய் லாபம் என்று போட்டிருந்தார்கள். அது கொஞ்சம் ஆசைக் கணக்குதான். ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

தனி உரிமையாளர் என்றால் முழு 9,96,000 ரூபாயும் ஒருவர் வருமானம். வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி பூஜ்யம். வரியில் இதைவிட மலிவு எதுவும் இல்லை.

கூட்டு நிறுவனத்துக்கு அடுக்கு விகிதம் கிடையாது. லாபத்தில் 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும், ஆக 31.2 சதவீதம். கேட்டதும் இருவரும் திடுக்கிட்டார்கள். ஆனால் அந்த லாபத்திலிருந்து முதலில் இரண்டு கழிவுகள் உண்டு. பார்ட்னர்கள் போட்ட முதலுக்கு 12 சதவீதம் வரை வட்டி: 8 லட்சத்துக்கு 96,000. மிஞ்சியது 9 லட்சம். அதிலிருந்து உழைக்கும் பார்ட்னர்களுக்குச் சம்பளம். அதற்கு ஒரு உச்சவரம்பு. முதல் 6 லட்சம் லாபத்தில் 90 சதவீதமோ 3 லட்சமோ எது கூடுதலோ அது, அதற்கு மேல் உள்ள லாபத்தில் 60 சதவீதம். 5,40,000 + 1,80,000 = 7,20,000. ஆளுக்கு 3,60,000. மிஞ்சிய 1,80,000க்கு 31.2 சதவீதம், 56,160 ரூபாய் வரி. வரி போக மீதியை இருவரும் பிரித்துக்கொண்டால் அந்தப் பங்குக்கு அவர்கள் கையில் மறுபடியும் வரி இல்லை. சம்பளமும் வட்டியும் அவரவர் வருமானத்தில் சேரும். 12 லட்சத்துக்குள் இருந்தால் அதற்கும் வரி வராது.

இந்தக் கழிவு இரண்டும் தானாக வராது. கூட்டு ஒப்பந்தத்தில், அதாவது டீடில், வட்டி இத்தனை சதவீதம், சம்பளம் இன்னாருக்கு இவ்வளவு அல்லது இன்ன கணக்குப்படி என்று எழுதியிருக்க வேண்டும். ‘பார்ட்னர்கள் அவ்வப்போது பேசி முடிவு செய்துகொள்ளும் சம்பளம்’ என்று எழுதினால் தொகை தெரியவில்லை என்று தள்ளிவிடுவார்கள். கடையில் விற்கிற ரெடிமேட் டீடுகளில் இந்த வரி இருக்காது, அல்லது இப்படி அரைகுறையாக இருக்கும். இருந்திராவிட்டால் 9,96,000 முழுவதற்கும் 31.2 சதவீதம்: 3,10,752 ரூபாய். இரண்டு வாக்கியம் விட்டுப்போனதற்கு விலை இரண்டரை லட்சம்.

இன்னொரு புது விஷயம். 2025 ஏப்ரல் முதல், ஒரு பார்ட்னருக்குச் சம்பளம், வட்டி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால் நிறுவனம் 10 சதவீதம் டி.டி.எஸ் பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கு டான் எண் எடுக்க வேண்டும். இவர்கள் விஷயத்தில் பண்ருட்டிக்காரருக்கு 43,200, புதுச்சேரிக்காரருக்கு 38,400. ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும் பணம்தான், ஆனால் சீசனில் கொட்டை வாங்க வேண்டிய நேரத்தில் 81,600 ரூபாய் வெளியே நிற்கும். பணவரவு அட்டவணையில் அதை எழுதச் சொன்னேன்.

கம்பெனி என்றால் இருவரும் இயக்குநர்களாகச் சம்பளம் எடுக்கலாம். ஆளுக்கு 4,50,000 போனால் மிஞ்சுவது 96,000. குறைந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சேர்த்து 25.168 சதவீதம், சுமார் 24,000 ரூபாய். வரி கூட்டு நிறுவனத்தைவிடக் குறைவு. சரி, அப்போ கம்பெனியே போதுமே என்று தோன்றும். விற்பனை ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் கம்பெனிக்கு ஆண்டுதோறும் பட்டயக் கணக்காளர் தணிக்கை உண்டு. கூட்டு நிறுவனத்துக்கு விற்பனை ஒரு கோடியைத் தாண்டும்வரை பொதுவாக அது இல்லை. தணிக்கை முடிந்ததும் AOC-4, MGT-7A என்று இரண்டு படிவம். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம், அதற்கு உச்சவரம்பு கிடையாது. இரண்டையும் 200 நாள் தாமதமாகப் போட்டால் 40,000. அதைவிட முக்கியம், கம்பெனிப் பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்தால் அது சம்பளமா, ஈவுத்தொகையா, கடனா என்று பெயர் சொல்லியாக வேண்டும். ஈவுத்தொகை என்றால் கம்பெனி வரி கட்டிய பிறகு நீங்கள் மறுபடியும் வரி கட்ட வேண்டும். சொந்தக் கல்லாவில் கை விடுவது போல எடுத்துப் பழகியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

இருவரில் ஒருவர் போய்விட்டால்

இந்தக் கேள்வியைக் கேட்டபோது புதுச்சேரிக்காரர், “என்னண்ணே, ஆரம்பிக்கும்போதே இப்படிப் பேசுறீங்க” என்றார். ஆரம்பிக்கும்போதுதான் பேச முடியும்.

ஒரு பார்ட்னர் இறந்தால் கூட்டு நிறுவனம் கலையும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. இதைப் படித்துவிட்டு எல்லா டீடிலும் ‘ஒருவர் மரணத்தால் நிறுவனம் கலையாது’ என்று ஒரு வரி போடுவார்கள். மூன்று பேர் இருக்கும் நிறுவனத்துக்கு அது சரி. இரண்டே பேர் என்றால் மிஞ்சுவது ஒருவர். ஒருவர் தனக்குத்தானே பார்ட்னராக இருக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1965லேயே இதைச் சொல்லிவிட்டது. ஆக உங்கள் டீடில் அந்த வரி இருந்தும் பயனில்லை. நிறுவனம் கலையும், வங்கிக் கணக்கு முடங்கும், ஜி.எஸ்.டி எண்ணை மாற்ற வேண்டி வரும்.

அதனால் அந்த இடத்தில் வேறு மாதிரி எழுத வேண்டும். மிஞ்சியவர் தொழிலைத் தன் பெயரில் எடுத்துக்கொள்ளலாம்; இறந்தவரின் முதலும் அன்றுவரையிலான லாபப் பங்கும் இன்ன தேதிக்கு எடுத்த இருப்புநிலைக் குறிப்பின்படி கணக்கிடப்படும்; அவர் வாரிசுக்கு 12 மாதத் தவணையில் தரப்படும். வாரிசு விரும்பி, மற்றவரும் ஒப்புக்கொண்டால் புது ஒப்பந்தத்தில் சேரலாம். இவர்கள் இருவரும் இதை வீட்டில் மனைவிமாரிடம் காட்டிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்கள். அது அவர்களாகவே செய்தது, நல்ல வழக்கம்.

கம்பெனியில் இந்தச் சிக்கல் இல்லை. பங்கு வாரிசுக்குப் போகும், கம்பெனி அப்படியே நிற்கும். பங்குக்கு SH-13 படிவத்தில் நாமினி போட்டுவைத்தால் போதும். ஆனால் ஆளுக்குப் பாதி என்று பங்கு வைத்திருந்தால், உயிரோடு இருக்கும்போதே ஒரு சிக்கல்: ஒத்துப்போகாவிட்டால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது.

சாவைவிட அடிக்கடி நடப்பது விலகல். காலமோ முடிவோ குறிப்பிடாத கூட்டை ஒரு பார்ட்னர் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தே கலைத்துவிடலாம். சீசன் நடுவில் அது வந்தால் கொட்டகையில் கொட்டை, கையில் கடன். மூன்று மாத முன்னறிவிப்பு, சீசனில் விலகக் கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள். விலகுகிறவரும் ஒன்று செய்தாக வேண்டும்: அரசிதழிலும் உள்ளூரில் ஓடும் தமிழ் நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்புப் போட்டு, பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் விலகிய பிறகு மற்றவர் வாங்கும் கடனுக்கும் வியாபாரிகள் இவரைத் தேடி வருவார்கள்.

பதிவு செய்வதை ஏன் தள்ளிப்போடக் கூடாது

இவர்கள் முடிவு கூட்டு நிறுவனம். என் கணிப்பும் அதுதான். பெரும்பாக்கி கொட்டை வியாபாரிகளுக்கு என்பதால் கம்பெனிக்கு ஒரு வலுவான காரணம் இருந்தது. ஆனாலும் முதல் வருடம் ரொக்கத்துக்கே கொட்டை எடுத்து, கடனை 4 லட்சத்துக்குள் வைக்கிறோம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

செய்யும் வரிசை இதுதான். முத்திரைத்தாளில் டீட், இரண்டு சாட்சி. அதை வைத்து நிறுவனத்தின் பெயரில் பான். பிறகு வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி, உணவுப் பாதுகாப்பு உரிமம், கட்டணம் இல்லாத உத்யம் பதிவு. இதற்கு நடுவில் மாவட்டப் பதிவாளரிடம் நிறுவனப் பதிவு, விண்ணப்பம் tnreginet.gov.in வழியாக.

கடைசியாகச் சொன்னது கட்டாயம் இல்லை. அதனால் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விளைவு இப்படி வரும்: புதுச்சேரி இனிப்புக் கடை ஒன்று தீபாவளிக்கு வாங்கிய 1,80,000 ரூபாய்ப் பருப்புக்குப் பணம் தரவில்லை. பதிவாகாத நிறுவனம் அவர் மேல் வழக்குப் போட முடியாது. அவர் உங்கள் மேல் போடலாம். வழக்குப் போட்டுவிட்டு அப்புறம் பதிவு செய்தாலும் அந்த வழக்கு நிற்காது. பதிவு செய்தபின் காலக்கெடுவுக்குள் புதிதாகத்தான் போட வேண்டும். பதிவாகாத நிறுவனத்தின் பார்ட்னர், மற்றவர் மேல் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்டும் வழக்காட முடியாது. நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குக் கேட்க மட்டும் வழி உண்டு. முகவரி மாறினாலோ ஆள் மாறினாலோ பதிவேட்டிலும் மாற்றுங்கள்.

டீடில் லாபப் பங்கையும் மறக்க வேண்டாம். எழுதாவிட்டால் போட்ட முதல் 6-க்கு 2 ஆக இருந்தாலும் சட்டப்படி லாபம் சரிபாதிதான், முதலுக்கு வட்டியும் இல்லை. இவர்கள் சரிபாதியே வைத்துக்கொண்டார்கள். கூடுதல் முதலுக்கு ஈடு அந்த 12 சதவீத வட்டி.

திட்டத்தில் எழுதிய பத்தி

கடைசியில் அந்த ஒரு வரி இருந்த இடத்தில் இப்படி எழுதினோம்:

“நிறுவனம் இருவர் கொண்ட, பதிவு செய்யப்பட்ட கூட்டு நிறுவனமாகத் தொடங்கும். முதல் 6 லட்சம், 2 லட்சம்; வட்டி 12 சதவீதம்; லாப நட்டம் சரிபாதி. முதன்மை இடம் பண்ருட்டி. புதுச்சேரி விற்பனை வெளிமாநில விற்பனையாகக் கொள்ளப்பட்டு முதல் நாளிலிருந்து ஜி.எஸ்.டி பதிவு. முதல் வருடம் வியாபாரிக் கடன் 4 லட்சத்தை மீறாது; 50,000 ரூபாய்க்கு மேல் கொள்முதலுக்கு இருவர் கையெழுத்து. வியாபாரிக் கடன் தொடர்ந்து 10 லட்சத்தைத் தாண்டினாலோ, வெளியாள் ஒருவர் முதல் போட முன்வந்தாலோ பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றப்படும்.”

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. கூட்டு நிறுவனத்தை இரண்டு பேரே கம்பெனியாகப் பதிவு மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. எல்லாச் சொத்தும் கடனும் அப்படியே போய், இருவருக்கும் அவரவர் முதல் கணக்கின் விகிதத்திலேயே பங்கு கிடைத்து, ஐந்து வருடம் வாக்குரிமையில் பாதிக்குக் குறையாமல் அவர்களே வைத்திருந்தால் மாற்றத்துக்கு மூலதன ஆதாய வரி வராது. இங்கே கவனிக்க வேண்டியது விகிதம்: லாபம் சரிபாதி என்றாலும், பங்கு முதல் கணக்குப்படிதான் பிரியும். இன்றைய கணக்கில் அது 75-க்கு 25. புதுச்சேரிக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தன் லாபப் பங்கை எடுக்காமல் முதலிலேயே சேர்த்துக்கொண்டு வர ஒரு வரி டீடில் போடச் சொன்னார். போட்டோம்.

பண்ருட்டிக்காரர் கேட்ட ஒரே மாற்றம் 50,000 ரூபாய் வரம்பு. சீசனில் லாரி வந்து நிற்கும்போது புதுச்சேரியிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது என்றார். பங்குனி முதல் ஆனி வரை 1,50,000 என்று திருத்தினோம்.